ஒரு காட்சி, மூன்று வழிகள்: வீடியோ கட்டுரையின் ஸ்கிரிப்ட்டை எப்படி எழுதுவது?

பெங்களூரில் ஊடகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்தப் பணி வந்து சேரும். ஒரு படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஐந்தாறு நிமிட வீடியோ கட்டுரை செய்ய வேண்டும். வீடியோவுக்கு முன்னால் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்து ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நான் படத்தொகுப்பு வேலை பார்ப்பவன் என்பதால் அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். படத்தையும் காட்சியையும் முடிவு செய்துவிட்டே வருகிறார்கள். சிக்கிக்கொள்வது அதற்கு அடுத்த இடத்தில். காட்சி ஓட ஓட அதன் மேல் பேசிக்கொண்டே போவதா? ஒரு வாதத்தை முன்வைத்து அதற்கேற்பக் காட்சியை வெட்டிக் காட்டுவதா? குரலே இல்லாமல் படத்தையும் எழுத்தையும் மட்டும் வைத்துச் சொல்வதா?

பார்ப்பதற்கு இது நடை சார்ந்த விருப்பம்போலத் தோன்றும். உண்மையில் ஸ்கிரிப்ட்டின் நீளம், ஒலிப்பதிவு, எடிட்டிங்கில் விழிக்க வேண்டிய இரவுகள், கடைசியில் வரும் மதிப்பெண் எல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை. எழுதி முடித்த பிறகு வழியை மாற்றினால் ஸ்கிரிப்ட்டைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, காட்சிக்கு மூச்சு விட இடம் இருக்கிறதா. பார்ப்பவர் அந்தக் காட்சியை ஒருமுறையாவது குறுக்கீடு இல்லாமல் பார்க்கவும் கேட்கவும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதை அவர் நம்பலாம், சரிபார்க்க முடியாது.

இரண்டாவது, நீங்கள் சொல்வதைத் திரையில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா. "இந்தக் காட்சியில் ரயில் நவீனத்தின் குறியீடு" என்று எழுதினால் எந்த இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டுவீர்கள்? நிறுத்த இடம் இல்லாத வாக்கியம் எழுத்துக் கட்டுரைக்குப் போகலாம், வீடியோ கட்டுரையில் அது மிதக்கும்.

மூன்றாவது, உழைப்பு. ஒலிப்பதிவுக்கு அமைதியான அறை இருக்கிறதா, எடிட்டிங் மென்பொருளில் எவ்வளவு பழக்கம், எத்தனை நாள் கையில் இருக்கிறது.

நான்காவது, ஆசிரியர் கொடுத்த மதிப்பெண் பட்டியல் எதைக் கேட்கிறது. சிலர் ஷாட், ஒலி, வெளிச்சம் என்று கூறுகளை அடையாளம் காட்டச் சொல்வார்கள். சிலர் வாதம் கேட்பார்கள். இதைப் படிக்காமல் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

## எடுத்துக்கொண்ட காட்சி

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அல்சூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தேர்ந்தெடுத்த காட்சியையே மூன்று வழிகளிலும் ஓட்டிப் பார்க்கலாம். சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் ரயில் பார்க்கும் காட்சி. ஒளிப்பதிவு சுப்ரதோ மித்ரா, படத்தொகுப்பு துலால் தத்தா.

வெள்ளை நாணல் பூத்த வெளியில் இருவரும் போகிறார்கள். தந்திக் கம்பிகள் ரீங்கரிக்கின்றன. துர்கா கம்பத்தில் காது வைத்துக் கேட்கிறாள். பிறகு ரயில் வரும் ஓசை. இருவரும் ஓடுகிறார்கள். துர்கா இடறி விழுகிறாள், அப்பு ஓடிப் போய்ச் சேர்கிறான். ரயில் கடக்கும்போது கேமரா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஓடும் சக்கரங்களின் இடைவெளியில் அப்பு தெரிகிறான். வெள்ளைப் பூக்களின் மேல் கரும்புகை படர்கிறது.

ஓர் எச்சரிக்கை. இந்தக் காட்சி எடுக்கப்பட்ட கதை மிகவும் சுவையானது. 1952 அக்டோபரில் ஒரு நாள் படப்பிடிப்பு நடத்திவிட்டு, அடுத்த வாரம் திரும்பிப் போனபோது மாடுகள் நாணல் பூவையெல்லாம் மேய்ந்து முடித்திருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும் வரை ரே காத்திருந்தார். இதை ஸ்கிரிப்ட்டில் சேர்க்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் ஆறு நிமிடத்தில் முக்கால் நிமிடத்தை அது விழுங்கிவிடும், காட்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. தயாரிப்புக் கதைகளை எந்த வழியிலும் உள்ளே விடாதீர்கள்.

## முதல் வழி: காட்சியோடு கூடவே நடப்பது

"அண்ணா, காட்சி ஓடட்டும், மேலே நான் பேசிக்கொண்டே போகிறேன். போதாதா?" என்று அந்த மாணவி கேட்டாள். பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள். காட்சியின் வரிசையே கட்டுரையின் வரிசை. அமைப்பைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எடிட்டிங்கும் ஏறக்குறைய இல்லை.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. காட்சியில் எங்கே நேரம் இருக்கிறதோ அங்கே உங்களுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. எங்கே நிறையச் சொல்ல வேண்டுமோ அங்கே ஷாட் சில விநாடிகளில் போய்விடும். இந்தக் காட்சியில் பிள்ளைகள் நாணலுக்கு நடுவே திரியும் பகுதி நீளமானது. கேமரா அந்தப் பக்கம் போகும் ஷாட்டோ சட்டென்று கடந்துவிடும். ஆனால் பேச வேண்டியது அந்த ஷாட்டைப் பற்றித்தான். அதுவரை நம்மைப் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வைத்திருந்த கேமரா ஏன் தாண்டிப் போகிறது, ரயிலை ஏன் நமக்கும் அப்புவுக்கும் நடுவில் வைக்கிறது என்று விளக்க அரை நிமிடமாவது வேண்டும். அரை நிமிடத்துக்குள் ரயில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே நீளமான பகுதிகளை நிரப்ப விவரணை நுழைகிறது. "இப்போது துர்கா கம்பத்தின் அருகே வருகிறாள். அவள் காது வைத்துக் கேட்கிறாள்." கண் இருக்கிற எவருக்கும் தேவையில்லாத வாக்கியங்கள். ஒலியை அணைத்துப் படத்தை மட்டும் ஓட்டிக்கொண்டு ஸ்கிரிப்ட்டைப் படியுங்கள். படம் ஏற்கெனவே சொல்லிவிட்ட வாக்கியத்தையெல்லாம் பென்சிலால் அடியுங்கள். முதல் வழியில் எழுதிய ஸ்கிரிப்ட்டில் சரிபாதி அடிபடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காட்சிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு, அது அதைவிடப் பெரியது. காட்சியின் உயிரே ஒலியில் இருக்கிறது. கம்பியின் ரீங்காரம், தொலைவில் ரயிலின் ஓசை, பிறகு தலைக்கு மேல் இரைச்சல். இதன் மேல் பேச வேண்டுமானால் படத்தின் ஒலியைக் குறைக்க வேண்டும். அதாவது எதைச் சான்றாகக் காட்ட வந்தோமோ அதை நாமே அடக்கிவிடுகிறோம். "இந்த ரீங்காரத்தைக் கவனியுங்கள்" என்று சொல்லும் குரலுக்கு அடியில் ரீங்காரம் கேட்கவில்லை என்றால் அதைவிடக் கேலிக்கூத்து வேறில்லை.

சின்னதாக இன்னொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் வகுப்பறைப் பாடத்துக்கும் இடம் தருகிறது. ஆனால் வீடியோ தளங்களின் தானியங்கிச் சோதனை சட்டம் படிப்பதில்லை. நீளமாக, வெட்டாமல் ஓடும் காட்சி அதில் எளிதில் மாட்டும். தளத்தில் ஏற்றி இணைப்பை அனுப்பும் எண்ணம் இருந்தால், கோப்பாகவும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் இந்த வழி எப்போது பொருந்தும்? காட்சி முழுவதும் ஒரே நீண்ட ஷாட்டாக இருந்தால் இதுதான் சிறந்தது. வெட்டு இல்லாத ஷாட்டை நாம் வெட்டினால் அதன் குணமே போய்விடும். மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், கேமரா எப்போது நகர்கிறது என்பதை அது நடக்கும் நேரத்திலேயே சொல்வதுதான் முறை. மதிப்பெண் பட்டியல் "ஷாட் வாரியாக விளக்குக" என்று கேட்டாலும் இதிலேயே போங்கள், தப்பில்லை.

## இரண்டாம் வழி: வாதத்தை வைத்துக் காட்சியைப் பிரிப்பது

இங்கே முதலில் எழுதுவது ஒரே வாக்கியம். அதை எழுத இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். அந்த மாணவி முதலில் எழுதி வந்தது ரயில், நவீனம், கிராமம் என்கிற பழைய சங்கதி. படத்தை எங்கே நிறுத்துவாய் என்று கேட்டதும் அவளே விட்டுவிட்டாள். நாலைந்து தடவை காட்சியை ஓட்டிப் பார்த்த பிறகு வந்தது இது: "இந்தக் காட்சி ரயிலின் ஓசையைத் துர்காவுக்குக் கொடுக்கிறது, ரயிலை அப்புவுக்குக் கொடுக்கிறது."

இது நல்ல வாக்கியம். நிறுத்திக் காட்ட மூன்று இடம் இருக்கிறது: கம்பத்தில் சாய்ந்த முகம், விழும் கணம், சக்கரங்களுக்கு அப்பால் தெரியும் அப்பு. மறுக்கவும் முடியும். "கால் இடறியது ஒரு தற்செயல்தானே, அதற்கு இவ்வளவு பொருளா?" என்று யாராவது கேட்கலாம். அப்படிக் கேட்க இடம் கொடுக்கும் வாக்கியம்தான் வாதம். அதற்கு அவள் பதிலும் வைத்திருந்தாள். படத்தின் பிற்பகுதியில் காய்ச்சலில் படுத்திருக்கும் துர்கா, உடம்பு சரியானதும் ரயில் பார்க்கப் போகலாம் என்று தம்பியிடம் சொல்கிறாள். அவள் பிழைப்பதில்லை. விழுந்ததைப் படம் மறக்கவில்லை என்பதற்கு அது போதும். ஒரே காட்சி என்பது விதியென்றால் வெளியே போய் எடுத்துவரும் சான்று ஒன்றோடு நிற்கட்டும்.

இந்த வழிக்கு ஸ்கிரிப்ட்டை உரைநடையாக எழுதினால் உருப்படாது. அட்டவணை போட்டு, படம் ஒரு பத்தியிலும் ஒலி ஒரு பத்தியிலும் இருக்க வேண்டும். அவளுடைய முதல் பாதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

| நேரம் | படம் | ஒலி |
|---|---|---|
| 0:00–0:55 | கம்பத்தில் துர்கா, ஓட்டம், ரயில் கடப்பது. இடையில் நிறுத்தம் இல்லை | படத்தின் ஒலி மட்டும். குரல் இல்லை |
| 0:55–1:10 | கறுப்புத் திரை | குரல்: "இருவர் ஓடினார்கள். ரயிலுக்கு அருகே போனது ஒருவன்." |
| 1:10–1:25 | துர்கா காது வைக்கும் ஷாட் | ரீங்காரம் முழு அளவில். குரல் இல்லை |
| 1:25–1:50 | அதே ஷாட், அசையாமல் | குரல்: "ரயில் திரைக்கு வரும் முன்பே அதன் உலகம் இந்தக் காதுக்குள் வந்துவிட்டது..." |
| 1:50–2:20 | துர்கா விழும் இடம். மறுபடி, மெதுவாக | முதல் முறை படத்தின் ஒலி. இரண்டாம் முறை குரல் |

கவனிக்க வேண்டியது, குரல் இல்லை என்பதையும் அவள் எழுதியிருக்கிறாள். எழுதாவிட்டால் எடிட்டிங்கில் உட்காரும்போது அந்த இடத்தில் ஒரு வாக்கியத்தைச் செருகத் தோன்றும். மௌனத்தையும் நேரம் குறித்து எழுதிவைத்தால்தான் அது தப்பிக்கும்.

சொல் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் போகும், ஆங்கிலத்தில் 130 அல்லது 140. ஆறு நிமிடமும் பேசினால் தமிழில் 540 சொற்கள். ஆனால் இந்த வழியில் மூன்றில் ஒரு பங்கு நேரமாவது குரல் இல்லாமல் போக வேண்டும். எனவே கையில் இருப்பது 350 சொற்கள்தான். 900 சொற்கள் எழுதி வந்துவிட்டு, "வேகமாகப் பேசிவிடுகிறேன்" என்பவர்களின் வீடியோவைக் கேட்க முடியாது.

இதன் மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று எடிட்டிங் உழைப்பு. நிறுத்துவது, திருப்பிக் காட்டுவது, ஒலியைப் பிரித்து வைப்பது எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். முதல் வழியில் ஒரு மாலையில் முடிவது இங்கே வாரக்கடைசி முழுவதையும் கேட்கும். மற்றது நேர்மை சார்ந்தது. வாதத்துக்கு உதவும் ஷாட்டுகளை மட்டும் எடுத்து வரிசையை மாற்றி வைத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். அதனால்தான் தொடக்கத்தில் ஒருமுறை முழுக்க ஓட்டிவிட வேண்டும் என்கிறேன். மாணவியின் காட்சியிலும் அவளுக்கு எதிரான சான்று ஒன்று உண்டு. அப்புவை அந்த வெளிக்குள் இழுத்துக்கொண்டு போவதே துர்காதான். அவள் பின்னால்தான் அவன் போகிறான். அவளை வெறுமனே இழந்தவளாகக் காட்டினால் அது பாதி உண்மை. இரண்டாம் வரைவில் இதை அவள் ஒரு வரியாகச் சேர்த்தாள், கட்டுரை அதன் பிறகுதான் நிமிர்ந்தது.

## மூன்றாம் வழி: குரல் இல்லாமல்

திரையை இரண்டாகப் பிரித்து இரு ஷாட்டுகளைப் பக்கத்தில் வைப்பது, இடையிடையே சில வரி எழுத்து. பார்க்க அழகாக இருக்கும். வீடியோ கட்டுரை பற்றி எழுதுபவர்களில் கிறிஸ்டியன் கீத்லி போன்றவர்கள் விளக்கும் பாணி, கவித்துவப் பாணி என்று இரு முனைகளைச் சொல்வார்கள். இது இரண்டாவது முனைப் பக்கம்.

ஒப்பிடுவதற்கு ஏதாவது இருந்தால் இதற்கு ஈடில்லை. ரயில் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் மூங்கில் தோப்பில் வயதான இந்திர் அத்தையைக் காண்கிறார்கள். துர்கா தொட்டதும் அவள் சாய்கிறாள். துர்காவின் முகம் கம்பத்தருகே ஒரு பாதியில், மூங்கிலருகே மறு பாதியில். ஒரு சொல் கூட வேண்டாம்.

ஆனால் குரல் இல்லாததால் ஸ்கிரிப்ட் சுலபம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். திரையில் வரும் எழுத்தை மக்கள் படிக்கும்போது படத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு வரிக்கு மேல் வைத்தால் அந்த ஷாட் வீண். அதோடு இது வங்காளப் படம். கிடைக்கும் பிரதிகளில் ஆங்கில சப்டைட்டில் படத்தோடு சேர்ந்தே கீழே பதிந்திருந்தால் அதை அழிக்க முடியாது. உங்கள் வரியையும் கீழே வைத்தால் இரண்டும் மோதும். மேலே வைத்தால் வானம் நிறைந்த இந்தக் காட்சியில் வெள்ளை எழுத்து தெரியாமல் போகும். கறுப்புப் பட்டை போட்டால் புகையும் வானமும் மறையும். பேச்சு வராத ஷாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் எழுத்து வைப்பதுதான் ஒரே வழி. அப்படிப்பட்ட ஷாட்டுகள் எத்தனை என்று ஸ்கிரிப்ட் எழுதும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வாக்கியங்களின் எண்ணிக்கை.

மதிப்பெண்ணிலும் ஆபத்து உண்டு. வாதம் எங்கே என்று ஆசிரியர் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. இந்த வழியை எடுப்பவர்கள் ஒரு பக்க விளக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கூடாது என்றால் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். வகுப்பில் தங்கள் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற கூச்சம். அதற்காகக் குரலை விட வேண்டியதில்லை. தமிழில் பேசி ஆங்கில சப்டைட்டில் போட அனுமதி உண்டா என்று கேளுங்கள், பல ஆசிரியர்கள் சம்மதிக்கிறார்கள். ஆனால் அப்போது படத்தின் சப்டைட்டிலும் உங்கள் சப்டைட்டிலும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். பிள்ளைகள் பேசும் ஷாட்டுகளில் நீங்கள் பேசக் கூடாது. இரண்டாம் வழியில் படத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறோம் என்பதால் இந்தத் தொல்லை அங்கே ஏறக்குறைய இல்லை.

## எந்தக் கைக்கு எது

ஒரே ஷாட்டில் எடுத்த காட்சி, நாளை மறுநாள் கடைசி நாள், மதிப்பெண் பட்டியலில் கூறுகளை அடையாளம் காட்டும் கேள்விகள். இவற்றில் இரண்டு இருந்தால் முதல் வழி. இரண்டு ஷாட்டுகளைப் பக்கத்தில் வைத்தாலே விஷயம் முடிந்துவிடுகிறது, விளக்கக் குறிப்புக்கு அனுமதி உண்டு, ஒலிப்பதிவுக்கு இடமே இல்லை என்றால் மூன்றாவது. மெட்ரோ தூண் பக்கத்து விடுதி அறையில் இருப்பவர்களுக்குக் கடைசிக் காரணம் வெறும் சாக்கு கிடையாது. ஆனாலும் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்குள் போனை வைத்து இரவு பதினொன்றுக்கு மேல் பேசிப் பாருங்கள், தேறிவிடும்.

மற்ற எல்லாருக்கும் இரண்டாவது. பல ஷாட்டுகள் கொண்ட காட்சிக்கு, ஐந்தாறு நிமிட அளவுக்கு, அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. மற்ற இரண்டிலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் முழுக்க ஓட்டிக் காட்டுவது முதல் வழியிலிருந்து வந்தது. துர்கா சொல்லும் ரயில் பேச்சைக் காட்டும் இடத்தில் திரையைப் பிரித்து, ஒரு பாதியில் நாணல் வெளியை வைப்பது மூன்றாம் வழியிலிருந்து.

ஸ்கிரிப்ட் ஒப்புதல் ஆகிவந்ததும் நேராக ஒலிப்பதிவுக்குப் போக வேண்டாம். போனில் ஒருமுறை அவசரமாகப் பேசிப் பதிந்து, அதை டைம்லைனில் போட்டு, ஷாட்டுகளைத் தோராயமாக அடுக்குங்கள். எந்த வாக்கியத்துக்குக் கீழே வைக்கப் படம் கிடைக்காமல் திண்டாடுகிறீர்களோ அதை எடுத்துவிட்டு, ஆசிரியருக்கு மாற்றத்தைத் தெரிவித்த பிறகு நல்ல பதிவை எடுங்கள்.